கிணற்றுத் தவளையும் யோப்பாவின் மேல்மாடியும்



"கிணற்றுத் தவளைக்கு நாட்டு வளப்பம் ஏன்?" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். பெரும்பாலும் படிக்காதவர்களையும், ஊரைவிட்டு வெளியே போகாதவர்களையும் பார்த்துத்தான் இந்தப் பழமொழியை நாம் வீசுகிறோம். அது சரிதானா என்று இன்று சற்று யோசித்துப் பார்ப்போம்.

தவளைக் கதை நமக்குத் தெரிந்ததுதான். கடலில் வாழ்ந்த தவளை ஒன்று எப்படியோ கிணற்றுக்குள் வந்து விழுகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த தவளை, "கடல் எவ்வளவு பெரிது?" என்று கேட்கிறது. கேட்டுவிட்டு, ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குத் தாவிக் காட்டி, "இவ்வளவு இருக்குமா?" என்கிறது. வந்த தவளை என்ன பதில் சொல்லும்? கடைசியில், "என் கிணற்றைவிடப் பெரியது எதுவும் இருக்க முடியாது, இவன் பொய்யன்" என்று முடிவு கட்டி, வந்தவனை விரட்டப் பார்க்கிறது. 1893 செப்டம்பர் மாதம் சிகாகோவில் நடந்த சமயப் பேரவையில் விவேகானந்தர் இந்தக் கதையைச் சொன்னார். தம் சமயத்தாரை ஒரு கிணற்றிலும் கிறிஸ்தவர்களாகிய நம்மை இன்னொரு கிணற்றிலும் வைத்துத்தான் பேசினார். அதற்காக நாம் வருத்தப்பட வேண்டியதில்லை.

இந்தக் கதையில் தவளை சொன்ன எதுவும் பொய்யில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தது உண்மை. மேலே வட்டமாகத் தெரிந்த வானமும் உண்மையான வானம்தான். கடலைப் பார்க்காததும் அதன் குற்றமில்லை. அது செய்த தவறு ஒன்றே ஒன்று: தன் ஒரு தாவலை எல்லாவற்றுக்கும் அளவுகோலாக வைத்தது. அறியாமை வேறு, குறுகிய பார்வை வேறு. தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தன் அளவுகோலைக் கீழே வைக்காதவனுக்கு என்ன சொன்னாலும் அது தாவலாகத்தான் போய்ச் சேரும்.

திருத்தூதர் பணிகள் நூலின் பத்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யோப்பா என்ற கடற்கரை ஊரில், தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டில் பேதுரு தங்கியிருக்கிறார். இறந்த விலங்கின் தோலோடு புழங்கும் தொழில் அது. தூய்மைச் சட்டத்தைக் கண்டிப்பாகப் பார்க்கிறவர்கள் அந்த வாசலுக்கே தயங்குவார்கள். ஆக, பேதுரு ஏற்கெனவே கிணற்றின் ஒரு படியாவது ஏறிவிட்டவர்தான். நண்பகலில் மேல்மாடிக்குச் செபிக்கப் போகிறார். பசி எடுக்கிறது. அப்போது நான்கு முனைகளிலும் கட்டி இறக்கப்பட்ட பெரிய விரிப்புப் போன்ற ஒன்றில் எல்லா வகை உயிரினங்களும் வருவதைக் காட்சியில் காண்கிறார். அடித்து உண்ணும்படி குரல் கேட்கிறது. பேதுரு மறுக்கிறார். தீட்டானது எதையும் தாம் உண்டதே இல்லை என்கிறார். யாரிடம் இதைச் சொல்கிறார்? ஆண்டவரிடமே சொல்கிறார்! அந்தத் தீட்டுச் சட்டத்தைக் கொடுத்தவரிடமே அதே சட்டத்தை அளவுகோலாக நீட்டுகிறார். இப்படி மூன்று முறை நடக்கிறது.

அவர் குழம்பி நிற்கும்போதே செசரியாவிலிருந்து மூன்று பேர் வாசலில் வந்து நிற்கிறார்கள். உரோமைப் படையின் நூற்றுவர் தலைவர் கொர்னேலியு அனுப்பிய ஆட்கள். பேதுரு அவர்களை உள்ளே அழைத்துத் தங்க வைக்கிறார். மறுநாள் யோப்பாவைச் சேர்ந்த சகோதரர் சிலரையும் கூட்டிக்கொண்டு, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரம் பயணம் செய்து செசரியாவுக்குப் போகிறார். அங்கே வீடு நிறைய மக்கள். பேதுரு பேசி முடிப்பதற்கு முன்பாகவே தூய ஆவியார் அவர்கள் மேல் இறங்கிவிடுகிறார். முதலில் திருமுழுக்கு, பிறகுதான் ஆவியார் என்று நாம் வைத்திருக்கும் வரிசைகூட அன்றைக்குத் தலைகீழாகிவிட்டது.

எருசலேமுக்குத் திரும்பியதும் குற்றச்சாட்டு எழுகிறது. என்ன குற்றச்சாட்டு என்பதைக் கவனியுங்கள். அவர்களுக்கு ஏன் போதித்தீர், ஏன் திருமுழுக்குக் கொடுத்தீர் என்று கேட்கவில்லை. விருத்தசேதனம் பெறாதவர்களின் வீட்டுக்குள் போய் அவர்களோடு உணவு உண்டீரே என்றுதான் கேட்டார்கள். விசுவாசத்தைப் பங்கு போடலாம், சோற்றைப் பங்கு போடக் கூடாது! பேதுரு கோபப்படாமல், நடந்ததை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் சொல்கிறார். அவர்கள் அமைதியானார்கள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பவுலடியார் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறார். அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டு வந்தார். எருசலேமிலிருந்து, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள். பர்னபாகூட அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். பேதுருவுக்கு எது தெரியாது? காட்சி கண்டவர், ஆவியார் இறங்கியதைப் பார்த்தவர். கடலைப் பார்த்துவிட்டு வந்த தவளை அவர். அவரைத் திரும்பக் கிணற்றுக்குள் இழுத்தது, தம் சொந்த மக்கள் என்ன சொல்வார்களோ என்ற அச்சம். பழமொழியைப் படிக்காதவர்கள்மேல் வீசும் நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். குருமடத்தில் ஆண்டுக்கணக்காக இறையியல் படித்துவிட்டு வரும் எங்களைப் போன்றவர்களும் நிற்க வேண்டும்.

நம் தமிழ்த் திருச்சபையின் வரலாற்றிலேயே இதற்குச் சாட்சி உண்டு. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊரில் 1872-ஆம் ஆண்டு எழுந்த திருக்குடும்பக் கோவில் இரு கிளைகளாக விரிந்திருந்தது. ஒரு பகுதியில் ஒரு சாதியார், மறு பகுதியில் வேறு சாதியார். இரண்டும் பீடத்தருகே வந்து சேரும். நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் முழந்தாளிட்டவருக்குப் பீடம் தெரியும், குருவானவர் தெரிவார். அந்தப் பக்கத்தில் முழந்தாளிட்டவருக்கும் அதே பீடம், அதே குருவானவர். ஒருவர் முகம் மட்டும் மற்றவருக்குத் தெரியாது. வானம் ஒன்று, கிணறு இரண்டு. கட்டியவர்களும் பக்தியுள்ளவர்களே. சண்டை வராமல் இருக்க இதுவே வழி என்று எண்ணியிருப்பார்கள். 1910-இல் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டபோது கோவிலுக்கு ஆபத்து வந்துவிட்டதாகவே சிலர் கருதினார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சாதியைக் காட்டிக் கோவிலுக்குள் தனி இடம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்று தீர்ப்பு வந்தது.

நம் கோவிலில் அப்படிச் சுவர் இல்லை. ஞாயிறன்று ஒரே வரிசையில் நின்று, ஒரே பாத்திரத்திலிருந்து நற்கருணை வாங்குகிறோம். அன்பியக் கூட்டத்துக்கும் வீடு வீடாகப் போகிறோம். செபமாலை சொல்கிறோம், விவிலியம் வாசிக்கிறோம், பாடுகிறோம். பிறகு அந்த வீட்டம்மா உள்ளே போய்த் தேநீர்த் தட்டோடு வருவார். சில வீடுகளில் எல்லாரும் எடுத்துக்கொள்கிறோம். சில வீடுகளில் மட்டும், "இப்போதுதான் குடித்துவிட்டு வந்தோம் அம்மா" என்று எழுந்துவிடுகிறோம். தட்டில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். எந்தெந்த வீடுகளில் என்பது நமக்கும் தெரியும், தட்டோடு நிற்கும் அந்த அம்மாவுக்கும் தெரியும்.