'சக்திவேல்ஜி' என்று கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பது?
பெயரைத் திருத்திச் சொல்வதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை

போடியிலிருந்து வடக்கே சரக்கு அனுப்பும் ஏலக்காய் வியாபாரிகளில் பலருக்கும் பழக்கமான அனுபவம் இது. காலையில் டெல்லியிலிருந்து போன் வரும். "நமஸ்தே சக்திவேல்ஜி" என்பார் அங்குள்ள வியாபாரி. போனை எடுத்தவர் பெயர் முருகேசன். சக்திவேல் என்பது அவருடைய தகப்பனார் பெயர். காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கும். "சரி, போகட்டும். நமக்கு விலை படிந்தால் போதும்" என்று முருகேசனும் பதில் பேசிவிடுவார். அடுத்த தடவையும் சக்திவேல்ஜிதான். ஒரு வருடம் கழித்து, "என் பேர் அதில்லை" என்று சொல்லவே அவருக்குக் கூச்சமாகிவிடும்.

இதில் டெல்லிக்காரரைக் குறை சொல்ல இடமில்லை. அவர் ஊரில் பெயரின் கடைசியில் வருவது குடும்பப் பெயர். குப்தா, அகர்வால் என்று அதைச் சொல்லி, கூடவே 'ஜி' சேர்த்து அழைப்பதுதான் மரியாதை. நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டு 'ச. முருகேசன்' என்று எழுதுகிறோம். வருமான வரித் துறையின் பான் கார்டு விண்ணப்பத்தில் இந்த ஒற்றை எழுத்துக்கு இடமில்லை. பெயரை விரித்து எழுதவேண்டும். கடைசிப் பெயர் என்ற கட்டத்தையும் நிரப்ப வேண்டும். அந்தக் கட்டத்தில் தகப்பனார் பெயர் போய் உட்காருகிறது. ஜி.எஸ்.டி. பதிவிலும் சட்டப்படியான பெயர் பான் கார்டில் உள்ளதுதான். ஆக, ச. முருகேசன் காகிதத்தில் 'முருகேசன் சக்திவேல்' ஆகிறார். டெல்லிக்காரர் அதைப் படித்துவிட்டுத் தம் ஊர் வழக்கப்படி மரியாதையாகவே கூப்பிடுகிறார்.

செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்த் விஷயத்திலும் இதுதான் நடந்தது. அவர் பெயர் ஆனந்த். விஸ்வநாதன் தகப்பனார் பெயர். உலகம் முழுவதும் அவரைச் செல்லமாக 'விஷி' என்கிறார்கள். அது தகப்பனார் பெயரின் சுருக்கம். செஸ் பலகையில் இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. பேரேட்டில் அப்படியல்ல.

அண்ணன் கணக்கில் தம்பி பணம்

ஒரு உதாரணம் பார்ப்போம். சக்திவேலுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் மாரியப்பன், இளையவர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் போடியில் தனித்தனியே ஏலக்காய் வியாபாரம் செய்கிறார்கள். காகிதத்தில் ஒருவர் 'மாரியப்பன் சக்திவேல்', மற்றவர் 'முருகேசன் சக்திவேல்'. டெல்லிக் கடைக்கு இருவருமே 'போடி சக்திவேல்'தான்.

முருகேசன் 50 கிலோ மூட்டையாக 4 மூட்டை அனுப்புகிறார். 200 கிலோ, கிலோ 1,500 ரூபாய் வீதம் 3 லட்சம் ரூபாய். டெல்லிக் கடையின் கணக்கப்பிள்ளை பேரேட்டில் 'சக்திவேல், போடி' என்ற தலைப்பைத் தேடுகிறார். மேலே இருப்பது மாரியப்பன் கணக்கு. பணம் அங்கே போய்விடுகிறது. மாரியப்பனுக்கும் அதே கடையில் பழைய பாக்கி வரவேண்டியிருந்ததால் அது வந்துவிட்டது என்று வரவு வைத்துக்கொள்கிறார். 20 நாள் கழித்து முருகேசன் கேட்கும்போது "அனுப்பிவிட்டோமே சக்திவேல்ஜி" என்று பதில் வருகிறது. அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் தொடங்குகிறது.

வங்கியைக் கேட்டுப் பயனில்லை. ஆர்.டி.ஜி.எஸ்., நெப்ட் முறையில் பணம் கணக்கு எண்ணை வைத்தே வரவாகிறது. அனுப்புவதற்கு முன் கணக்குக்காரர் பெயரைத் திரையில் பார்த்துக்கொள்ளும் வசதியை வங்கிகள் 2025 ஏப்ரலுக்குள் ஏற்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆனால் 'மாரியப்பன் சக்திவேல்' என்று திரையில் வந்தாலும், சக்திவேலைத் தேடுகிறவர் சரியென்றுதானே அழுத்துவார்?

என்ன சொல்வது, எப்போது சொல்வது

திருத்துவதற்கு நல்ல நேரம் பேச்சின் தொடக்கம். விலை பேசும் நடுவில் சொன்னால், விலை படியாத கோபத்தில் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். போனை எடுத்ததும், அவர் கூப்பிடுவதற்கு முன்பே, "போடியிலிருந்து முருகேசன் பேசுகிறேன்" என்று நாம் முந்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் பழைய பெயர் வந்தால் இந்தியில் இரண்டே வாக்கியம் போதும்: "மேரா நாம் முருகேசன் ஹை. சக்திவேல் மேரே பிதாஜி கா நாம் ஹை." தகப்பனார் பெயர் என்று காரணம் சேர்த்துச் சொல்வதால் எதிராளிக்குத் தான் தவறு செய்துவிட்டோமே என்ற சங்கடம் குறையும்.

இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்வது நல்லது: "என்னை முருகேசன்ஜி என்றே கூப்பிடலாம்." முதல் பெயரைச் சொல்லி அழைப்பது மரியாதைக் குறைவோ என்று அவர் தயங்குவார். மரியாதையோடு அழைக்கும் வழியை நாமே காட்டிவிட்டால் தயக்கம் போய்விடும். சொல்லி முடித்ததும் சரக்குப் பேச்சுக்குப் போய்விட வேண்டும். "தப்பா நினைக்காதீங்க, ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்" என்று நீட்டினால் சிறிய விஷயம் பெரிதாகிவிடும்.

வாய்ச்சொல் முதலாளி வரைக்கும்தான் போகும். பணம் அனுப்புவது கணக்கப்பிள்ளை. ஆகவே பில்லில் கடைப் பெயரைப் பெரிதாகவும், கீழே 'உரிமையாளர்: முருகேசன்' என்றும் போடுங்கள். பிறகு ஒரு கடிதம் எழுதுங்கள்: "தங்கள் பேரேட்டில் என் கணக்கின் தலைப்பை என் கடைப் பெயருக்கும், முருகேசன் என்ற பெயருக்கும் மாற்றி, ஜி.எஸ்.டி. எண்ணையும் சேர்த்து, புதிய தலைப்புடன் ஒரு ஸ்டேட்மெண்ட் அனுப்பவும்." ஸ்டேட்மெண்ட் வந்தால் திருத்தம் நடந்துவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால், "அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன் அது வந்துவிடட்டும்" என்று சொல்லலாம். குரலை உயர்த்தாமல் உறுதி காட்டும் இடம் அதுதான்.

பழைய கடைக்காரர் பெயர்

ஊருக்குள் வேறு வகைச் சிக்கல் உண்டு. செட்டியார் ஒருவர் நடத்திய மளிகைக் கடையை வேறொருவர் வாங்கி நடத்துவார். கடை 'செட்டியார் கடை'யாகவே இருக்கும். புதியவரையும் "என்ன செட்டியாரே" என்பார்கள். கடைக்கு அந்தப் பெயர் நிலைப்பதில் நஷ்டமில்லை, வாடிக்கை கலையாது. ஆனால் தம்முடையதல்லாத சாதிப் பெயரைத் தலையில் சுமக்க விரும்பாதவர் திருத்தத்தான் வேண்டும்.

இங்கே கூப்பிடுகிறவர் பழக்கத்தில் கூப்பிடுகிறார். பெரியவராக இருந்தால், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், பொட்டலம் கட்டிக்கொண்டே, "மாமா, செட்டியார் கடையைக் குடுத்துட்டுப் போயி ரெண்டு வருசமாச்சு. நான் முருகேசன். பேரைச் சொல்லியே கூப்பிடுங்க" என்றால் போதும். நாலு பேர் முன்னிலையில் சொன்னால் அவருக்கு அது அவமானம். கடைப் பையனும் சுமை தூக்குகிறவர்களும் "முருகேசன் அண்ணன் கடை" என்று சொல்லப் பழகிவிட்டால் மீதி வேலையை அவர்கள் பேச்சே செய்துவிடும். நினைவு தப்பும் வயதுள்ளவரைத் திருத்திக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை, விட்டுவிடலாம்.

தெரிந்தே சொல்பவர்

போடிமெட்டு ஏறிப் பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் போய் வருகிறவர்கள் மூன்றாவது வகையைப் பார்த்திருப்பார்கள். தமிழர் என்பதாலேயே ஆளை "பாண்டி" என்று இளப்பமாக அழைப்பது அது. இது அறியாமையும் அல்ல, பழக்கமும் அல்ல. தனியே கூப்பிட்டுச் சொல்லும் நாசூக்கு இதற்குத் தேவையில்லை. கேட்ட இடத்திலேயே, முகத்தைப் பார்த்து, ஒரே தடவை: "என் பேர் முருகேசன். பேரைச் சொல்லுங்க, வேலையைப் பேசுவோம்." பதிலுக்கு ஒரு பட்டப்பெயர் சொல்லிவிட்டால் நம் நியாயம் அங்கேயே போய்விடும். மறுபடியும் அதே வார்த்தை வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு அவருடைய முதலாளியிடம் சொல்லலாம். வியாபாரம் வேண்டுமென்றால் அவர் கவனிப்பார்.

நம் பற்று நோட்டில்

கடைசியாக, நம் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. விடிகாலையில் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சாயங்காலம் இறங்கும் பெண்கள் நம் கடைகளில்தான் பற்று வைக்கிறார்கள். நோட்டில் மாரியம்மாள் நாலு பேர் இருந்தால் அடையாளத்துக்கு 'நொண்டி மாரியம்மா', 'மாறுகண் மாரியம்மா' என்று எழுதும் பழக்கம் பல கடைகளில் உண்டு. சம்பளத்தன்று பற்று அடைக்க வரும்போது பையன் அதை அப்படியே சத்தமாகப் படிப்பான். "என் பேர் அதில்லை" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. கடன் நம்மிடம் இருக்கிறதே.

மாற்றுத் திறனாளி ஒருவரைப் பலர் பார்க்கும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது, மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கடைப் பையன் அந்த எண்ணத்தில் படிப்பதில்லைதான். ஆனாலும் அந்த அடையாளம் நமக்குத் தேவையே இல்லை. பெயருக்குப் பக்கத்தில் தெருப் பெயர், இல்லாவிட்டால் தகப்பனார் அல்லது கணவர் பெயர், அதோடு செல்போனின் கடைசி 4 எண்கள் எழுதினால் நாலு மாரியம்மாளும் நன்றாகப் பிரிந்துவிடுவார்கள். டெல்லிக் கணக்கப்பிள்ளை இரண்டு சக்திவேலைக் குழப்பியதுபோல, ஒருவர் பற்றை இன்னொருவர் தலையில் எழுதும் தவறும் இதனால் குறையும். புது நோட்டுப் போடும்போது இதைச் செய்வது சுலபம். ஒவ்வொருவர் வரும்போதும், "ஒங்க பேரை எப்படி எழுதட்டும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம்.