சொல்லப்படாத வலி

அரிவாள் அணு நோய் உள்ள ஆண்கள் பலர், கை கால் வலியை டாக்டரிடம் சொல்வார்கள். விடியற்காலையில் எழுப்பிவிடும் விறைப்பைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதற்கும் ஆசைக்கும் தொடர்பில்லை. வலிக்கும், தானாக அடங்காது. பிரியாபிசம் எனப்படும் இது, இந்நோய் உள்ள ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருகிறது. நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்நோயின் மரபுக்கூறு இருப்பது 1952-இலேயே பதிவானது. ஆகவே இது நம் ஊர் வீடுகளிலும் இருக்கும் துன்பம்தான்.

உறுப்புக்குள் வந்த ரத்தம் வடிந்தால்தான் விறைப்பு தணியும். வளைந்து விறைத்த சிவப்பணுக்கள் அந்த வடிகாலை அடைக்கின்றன. உடைந்த அணுக்களிலிருந்து கசியும் ஹீமோகுளோபின், ரத்தக்குழாய்களைச் சீராக வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சிவிடுகிறது. அந்த வாயு நெடுநாள் குறைந்தால், விறைப்பை முடித்துவைக்கும் நொதியும் குறைந்துபோகிறது. தூக்கத்தில் இயல்பாக வரும் விறைப்பு முடியாமல் நீள்வது இதனால்தான்.

பதினேழு வயதுப் பையன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். வாரம் இரண்டு மூன்று இரவு, ஒரு மணி நேரம் வலி. எழுந்து நடக்கிறான், சிறுநீர் கழிக்கிறான், தண்ணீர் குடிக்கிறான், வெந்நீரில் குளிக்கிறான், அடங்குகிறது. இவையெல்லாம் சரியான வழிகளே. ஐஸ் மட்டும் வைக்கக் கூடாது, குளிர் அணுக்களை இன்னும் வளைக்கும். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. பெரிய தாக்குதலுக்கு முன்னோடி பெரும்பாலும் இந்தச் சிறு தாக்குதல்கள்தான். ஒருநாள் நான்கு மணி நேரம் தாண்டியும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் தேங்கிய கறுத்த ரத்தத்தை ஊசியால் உறிஞ்சி, ரத்த அழுத்தத்தைக் கவனித்தபடி ஃபினைல்எஃப்ரின் செலுத்துவார்கள். அன்றே போனால் உறுப்பு தப்பும். ஒன்றரை நாள் கடந்துவிட்டால் உள்திசு தழும்பாகிவிடக்கூடும். பிறகு விறைப்பே வராமல் போகலாம்.

அவன் முன்பே சொல்லியிருந்தால், இரவில் சூடோஎஃபெட்ரின் அல்லது எட்டிலெஃப்ரின் மாத்திரையை டாக்டர் யோசித்திருப்பார். ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்துகள் என்பதால் ரத்த அழுத்தம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். நோயின் பொதுவான வலியைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியாவும் சிலருக்கு உதவுகிறது. வியப்பூட்டுவது, விறைப்புக்கென்றே தரப்படும் சில்டெனாஃபில், டடாலாஃபில். சிறிய அளவில் அன்றாடம் எடுத்தால், குறைந்துபோன நொதியை மீட்கும் என்று நம்புகிறார்கள். தாக்குதல் நடக்கும்போது எடுக்கவே கூடாது. நுரையீரல் அழுத்தத்துக்காக சில்டெனாஃபிலைச் சோதித்த ஆய்வு ஒன்று, நோயாளிகளுக்கு வலித் தாக்குதல் கூடியதால் 2009-இல் நிறுத்தப்பட்டது. இந்தத் தடுப்பு மருந்துகள் எதற்கும் பெரிய ஆய்வுகளின் உறுதியான சான்று இன்னும் இல்லை. ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஊசிகள் பலன் தரலாம்; ஆனால் வளரும் பையன்களுக்கும் குழந்தை வேண்டுவோருக்கும் அவை ஏற்றவையல்ல.

அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் இரண்டை முதலில் சொல்ல வேண்டும்: எனக்கு அரிவாள் அணு நோய் இருக்கிறது; இது இத்தனை மணிக்குத் தொடங்கியது.