பதினைந்தரை சதவீதத்துக்குள் என்ன இருக்கிறது?

வணிகவியல் மாணவர்களின் விடைத்தாள்களில் நிகர தற்போதைய மதிப்புக் கணக்கைத் திருத்தும்போது ஒரே தவறுதான் பல வேடங்களில் வருகிறது. கூட்டல் பெருக்கல் பிழை அரிது. எந்த விகிதத்தால் வகுக்கிறோமோ, அதற்குள் ஏற்கனவே என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பார்க்காமல் கணக்கில் இறங்கிவிடுவதுதான் அந்தத் தவறு.

கணக்கின் அடிப்படை எளிது. அடுத்த ஆண்டு வரப்போகும் நூறு ரூபாய்க்கு இன்றைய நூறு ரூபாயின் மதிப்பு இல்லை. அதனால் வருங்கால வரவுகளை ஒரு தள்ளுபடி விகிதத்தால் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டி, முதலீட்டைக் கழிக்கிறோம். மிச்சம் வந்தால் திட்டத்தை ஏற்கலாம்.

நான் வகுப்பில் கொடுக்கும் கணக்கு ஒன்று. 12 லட்சம் ரூபாய்க்கு ஒரு இயந்திரம். ஆயுள் மூன்று ஆண்டு. அதன்பின் விற்றால் எதுவும் கிடைக்காது. செலவு போக ஆண்டுக்குக் கையில் நிற்பது, இன்றைய விலையில், 5.6 லட்சம். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும். வரி 25 சதவீதம், தேய்மானம் ஆண்டுக்கு 4 லட்சம். முதலீட்டில் 5 லட்சம் 10 சதவீத வட்டிக்கு வாங்கிய வங்கிக் கடன். பணவீக்கத்தையும் சேர்த்து, வரிக்குப் பிந்தைய தள்ளுபடி விகிதம் 15.5 சதவீதம்.

முதல் ஆண்டை மட்டும் பார்ப்போம். 5.6 லட்சம் 5 சதவீதம் ஏறி 5.88 லட்சமாகிறது. தேய்மானம் போக 1.88 லட்சத்துக்கு 47,000 ரூபாய் வரி. கையில் 5.41 லட்சம். மூன்று ஆண்டுக்கும் இப்படியே போட்டு 15.5 சதவீதத்தால் குறைத்தால், முதலீடு போக ஏறக்குறைய 70,900 ரூபாய் மிஞ்சுகிறது. திட்டம் ஏற்கத்தக்கது.

பாதிப் பேர் 5.6 லட்சத்தை ஏற்றாமல் மூன்று ஆண்டுக்கும் அப்படியே வைத்துவிடுவார்கள். "இன்றைய விலையில்தானே கேட்டிருக்கிறார்கள்?" என்பார்கள். அதனால் விடை 22,500 ரூபாய் நஷ்டமாகிறது. நல்ல திட்டம் ஒன்று நிராகரிக்கப்படுகிறது. காரணம் அந்த 15.5-இலேயே இருக்கிறது. முதலீட்டாளர் தன் பணத்தின் வாங்கும் சக்தி 10 சதவீதம் வளர வேண்டும் என்கிறார். விலைவாசியோ 5 சதவீதம் ஏறுகிறது. 1.10 × 1.05 = 1.155. ஆக, பணவீக்கத்துக்கான கழிவு விகிதத்திலேயே இருக்கிறது. வரவை ஏற்றாமல் விட்டால் அதே பணவீக்கத்தை இரண்டாம் முறையும் கழித்தவர்களாகிறோம். ஏற்றாத வரவுக்கு 10 சதவீதம், ஏற்றிய வரவுக்கு 15.5 சதவீதம்: இந்த ஜோடி மாறக் கூடாது.

அடுத்தது வட்டி. ஆண்டுக்கு 50,000 ரூபாய் நிஜமாகவே கையை விட்டுப் போகும் பணம், அதை எப்படி விடுவது என்ற கேள்வி நியாயமானது. நான் அதை மதிக்கிறேன். ஆனால் 15.5 சதவீதம் என்பது பணம் போட்ட எல்லோருடைய எதிர்பார்ப்பும் கலந்த சராசரி. வங்கிக்குரிய பங்கும், வட்டியால் கிடைக்கும் வரிச் சலுகையும் அதில் அடக்கம். வரிச் சலுகை போக 37,500 ரூபாயை வரவிலிருந்து மறுபடியும் கழித்தால் வங்கிக்கு இரண்டு முறை கொடுத்ததாகிறது. 14,000 ரூபாய் நஷ்டம் என்று விடை வரும். பங்குதாரர் கண்ணோட்டத்தில் மட்டும் பார்க்கும் முறையில் வட்டியைக் கழிப்பது உண்டு. அப்போது முதலீடாக அவர்கள் போட்ட 7 லட்சத்தை மட்டுமே எடுக்க வேண்டும், கடன் தவணைகளையும் கழிக்க வேண்டும், விகிதமும் பங்குதாரர் எதிர்பார்க்கும் விகிதமாக இருக்க வேண்டும். பாதியை அங்கிருந்தும் பாதியை இங்கிருந்தும் எடுக்க முடியாது.

வரியை அடியோடு மறந்தால் லாபம் 1.93 லட்சமாக வீங்கிவிடும். விகிதம் வரிக்குப் பிந்தையது என்றால் வரவும் அப்படியே இருக்க வேண்டும். இன்னும் பெரிய சேதம், வரி கண்டுபிடிக்கக் கழித்த தேய்மானத்தைத் திரும்பக் கூட்டாமல் விடுவது. இயந்திரத்துக்கான பணம் முதல் நாளே போய்விட்டது. தேய்மானம் என்று யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை. கூட்டாமல் விட்டவரின் விடை 8.35 லட்சம் நஷ்டம். 12 லட்சம் முதலீட்டில் இப்படி ஒரு எண் வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

கெட்டிக்கார மாணவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அவர்கள் எல்லாவற்றையும் இன்றைய விலையில் வைத்து 10 சதவீதத்தால் குறைப்பார்கள். முறை சரிதான், ஆனால் விடை 93,200 என்று வரும். தேய்மானத்தால் மிச்சமாகும் வரி ஆண்டுக்கு 1 லட்சம். தேய்மானம் பழைய கொள்முதல் விலையில் கணக்கிடப்படுவதால், விலைவாசி ஏறினாலும் அந்த 1 லட்சம் ஏறாது. இன்றைய விலையில் அது முதல் ஆண்டில் 95,200 ரூபாய்தான், பிறகு இன்னும் குறையும். அதைக் குறைத்து எழுதினால் இந்த வழியிலும் 70,900 வந்துவிடும். அதனால்தான் நேரம் இருந்தால் இரண்டு வழியிலும் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் தேட வேண்டிய இடம் தேய்மான வரி.