பெயருக்குக் கீழே எந்த வரி?

லண்டனில் தலைமையகம் கொண்ட ஜான் லூயிஸ் பெரிய பல்பொருள் கடைகளை நடத்தும் நிறுவனம். 1925-இல் அது ‘நெவர் நோயிங்லி அண்டர்சோல்ட்’ என்று ஒரு வாக்குக் கொடுத்தது. தெரிந்தே யாரையும் எங்களைவிட மலிவாக விற்க விடமாட்டோம் என்று அர்த்தம். அதே பொருள் பக்கத்துக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைத்தால் அந்த வித்தியாசத்தை வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். சீசன் மாறினாலும் விளம்பரம் மாறினாலும் இந்த வரி மட்டும் கடையின் பெயரோடு ஒட்டியே இருந்தது. இப்படிப்பட்ட வரியைத்தான் பிரிட்டிஷ்காரர்கள் ஸ்ட்ராப்லைன் என்கிறார்கள்.

இதே நிறுவனம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தொலைக்காட்சிக்கு ஒரு விளம்பரப் படம் எடுக்கும். 2013-இல் ஒரு கரடியும் முயலும் வந்த படம் அது. ‘என்றும் மறக்காத ஒரு கிறிஸ்துமஸை ஒருவருக்குக் கொடுங்கள்’ என்ற பொருளில் ஒரு வரியோடு படம் முடிந்தது. பண்டிகை போனதும் அந்த வரியும் போய்விட்டது, அடுத்த ஆண்டுக்கு வேறொன்று வந்தது. இதுதான் ஸ்லோகன். அது ஒரு விளம்பரத்துக்கு அல்லது ஒரு பருவத்துக்கு மட்டும் உரியது. அந்த வேலை முடிந்தால் அதை மாற்றிவிடலாம், மாற்றவும் வேண்டும்.

டேக்லைன் என்பது பெரும்பாலும் ஸ்ட்ராப்லைனுக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் பெயர்தான். சில விளம்பர நிறுவனங்கள் மட்டும் இரண்டையும் பிரிக்கின்றன. கடை என்ன விற்கிறது என்று விளக்கி லோகோவுக்குக் கீழே வரும் வரி அவர்களுக்கு ஸ்ட்ராப்லைன், கடையின் குணத்தைச் சொல்வது டேக்லைன். எல்லோரும் ஒப்புக்கொண்ட பிரிவு இல்லை என்றாலும் சிறு வியாபாரிக்கு இது உதவும் என்பது என் கருத்து. எல்லைகளும் இறுக்கமானவை அல்ல. நைக்கியின் ‘ஜஸ்ட் டூ இட்’ 1988-இல் ஒரு விளம்பரத் தொடருக்காக டான் வீடன் எழுதியது. மக்கள் வாயில் நிலைத்ததால் அது நிறுவனத்தின் டேக்லைனாகவே ஆகிவிட்டது.

நிரந்தர வரிக்கு ஒரு செலவும் உண்டு. ஆன்லைன் வியாபாரம் வளர்ந்தபோது ஜான் லூயிஸின் வாக்கு சிக்கலில் மாட்டியது. ஆன்லைனில் மட்டும் விற்பவர்களின் விலைக்கு அந்த வாக்கு பொருந்தாது என்பது விதி. வாடிக்கையாளர்களோ அங்கேயே விலை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். வரி உண்மையாகவே இருந்தாலும் அவர்களுக்கு அது பயன்படவில்லை. 2022-இல் நிறுவனம் அதைக் கைவிட்டது. 2024 செப்டம்பரில் மீண்டும் கொண்டுவந்தபோது, அமேசான் உட்பட 25 நிறுவனங்களின் விலையோடு ஒப்பிடுவதாக அறிவித்தது. அதாவது, அந்த ஒரு வரியைக் காப்பாற்ற, பின்னால் விலையைக் கண்காணிக்கும் ஏற்பாடு முழுவதும் வேண்டியிருந்தது.

இதை நம் ஊர் அளவுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஒருவர் தன் பெயரிலேயே மரச்செக்கு எண்ணெய்க் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயரை மட்டும் போர்டில் பார்ப்பவருக்கு உள்ளே எண்ணெய் விற்பது தெரியாது. ஆகவே முதல் நாள் தேவை விளக்க வரி: ‘மரச்செக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய்’. இதில் கவிதை வேண்டாம். தீபாவளிக்கு ஒரு ஸ்லோகன் போடலாம்: ‘கங்கா ஸ்நானத்துக்குப் புதிதாய் ஆட்டிய நல்லெண்ணெய்’. நோட்டீஸிலும் வாட்ஸ்அப்பிலும் போகட்டும், போர்டில் எழுத வேண்டாம். கார்த்திகை வந்ததும் அது பழசாகிவிடும்.

டேக்லைனுக்கு அவசரமே இல்லை. பலர் இங்கேதான் தடுமாறி, ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். கடையின் பெயரை மறைத்துவிட்டு எதிர்க்கடையின் பெயரை அதற்கு மேல் வைத்துப் பாருங்கள். வரி அங்கேயும் பொருந்தினால் அது உங்கள் வரி அல்ல. நகைக்கடைக்கும் பொருந்தும், நர்சரிப் பள்ளிக்கும் பொருந்தும். அதற்குப் பதில், வருகிறவர்கள் திரும்பத் திரும்ப எதைச் சொல்கிறார்கள் என்று ஓராண்டு கவனியுங்கள். ‘நம் கண் முன்னாலேயே ஆட்டித் தருகிறார்’ என்று நாலு பேர் சொன்னால் ‘உங்கள் கண் முன்னால் ஆட்டியது’ என்பதே டேக்லைன். ஆனால் அதை எழுதிய பிறகு செக்கைப் பின்கட்டுக்கு மாற்ற முடியாது. வெளியிலிருந்து டின் எண்ணெய் வாங்கி ஊற்றவும் முடியாது. இரண்டாவது கிளை திறந்தால் அங்கேயும் ஒரு செக்கு வேண்டும்.

அந்தச் செலவுக்குத் தயாராக இல்லையென்றால் டேக்லைன் இல்லாமலே கடை நடத்துங்கள். என்ன கிடைக்கும் என்று தெளிவாகச் சொல்லும் ஒரு விளக்க வரியே போதும்.