இரண்டு பான் எண்கள் இருந்தால் என்ன செய்வது?



உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்பவர். 2024-25 நிதியாண்டில் ஒரு நிறுவனத்துக்கு 4,80,000 ரூபாய்க்கு வேலை முடித்துக் கொடுத்திருந்தார். தனிநபர் ஒப்பந்ததாரரிடம் பிடிக்க வேண்டிய வரி 1 சதவீதம்தான், அதாவது 4,800 ரூபாய். ஆனால் அவரிடம் 20 சதவீதம், 96,000 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்தது. கூலி ஆட்களுக்குக் கொடுத்ததுபோக அவர் கையில் நிற்க வேண்டிய பணமே அதுதான்.

காரணத்தைத் தேடியபோது, அவருக்கு இரண்டு பான் எண்கள் இருப்பது தெரிந்தது. 2011-இல் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் எண்ணை வாங்கினார். அதில் இரண்டு வருடம் கணக்கும் தாக்கல் செய்திருக்கிறார். அந்த அட்டை தொலைந்துபோனது. 2016-இல் ஊர் திரும்பியபின், வங்கியில் கேட்கிறார்களே என்று ஒரு கணினி மையத்துக்குப் போனார். அட்டை தொலைந்தால் அதே எண்ணில் மறுஅட்டை கேட்க வேண்டும். அங்கே புதிய எண்ணுக்கே விண்ணப்பித்துவிட்டார்கள்.

ஒரே ஆளுக்கு இரண்டாவது எண் எப்படிக் கிடைத்தது? நம் பெயர்களில் இது எளிதாக நடக்கிறது. முதல் விண்ணப்பத்தில் தகப்பனார் பெயரைக் கடைசிப் பெயராக எழுதியிருந்தார்கள். இரண்டாவதில் அதை முன்னால் போட்டு, அவருடைய பெயரைக் கடைசியில் வைத்துவிட்டார்கள். முகமது என்பதன் ஆங்கில எழுத்துகளும் இரண்டிலும் வேறு வேறு. முகவரியும் மாறியிருந்தது. கணினிக்கு இவர்கள் இரண்டு பேர். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து கடைசிப் பெயரின் முதல் எழுத்து என்பதால், இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே அந்த வித்தியாசம் தெரிந்தது.

ஆதார் இணைக்கப்பட்டது புதிய எண்ணோடு. பழைய எண் ஆதாரோடு இணையாததால் 2023 ஜூலை 1 முதல் செயலற்றதாகிவிட்டது. வீட்டில் கிடைத்த பழைய அட்டையின் நகலை அவர் அறியாமல் அந்த நிறுவனத்திடம் கொடுத்துவிட்டார். செயலற்ற எண்ணுக்கு 20 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது சட்டம். நிறுவனத்தின் மீது குற்றமில்லை.

எந்த எண்ணை வைத்துக்கொள்வது?

பழையதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆதாரோடு இணைந்த எண்ணை வைத்துக்கொள்வதே பெரும்பாலும் சரி. வருமான வரித்துறை இணையதளத்தில் Link Aadhaar Status என்ற இடத்தில் எண்ணைக் கொடுத்தால் எது இணைந்தது என்று தெரியும். இவர் புதிய எண்ணை வைத்துக்கொண்டு பழையதை ஒப்படைப்பது என்று முடிவானது.

செயலற்றுப்போன எண் தானாக ரத்தாகிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். அது பதிவேட்டில் இருந்துகொண்டேதான் இருக்கும். அட்டையைக் கிழித்துப் போடுவதும் ஒப்படைப்பு ஆகாது. வருமான வரிச் சட்டத்தில், இரண்டு எண் வைத்திருப்பதற்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு. ஆனால் நம் தரப்பைக் கேட்காமல் விதிக்க முடியாது. நாமே முன்வந்து எழுதிய கடிதம் அப்போது நமக்குச் சாட்சியாக நிற்கும்.

முதலில் பணம், பிறகு எண்

எண்ணை ஒப்படைக்கும் முன், அதில் சிக்கிய பணத்தை வெளியே கொண்டுவர வேண்டும். சகோதரர் அந்த நிறுவனத்திடம் படிவம் 16ஏ வாங்கினார். எந்த எண்ணில் எவ்வளவு வரி கட்டினார்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பிறகு, தாங்கள் தாக்கல் செய்த வரிப்பிடித்த அறிக்கையில் பான் எண்ணை மட்டும் மாற்றித் திருத்த அறிக்கை தாக்கல் செய்யும்படி எழுத்தில் கேட்டார். இந்தத் திருத்தத்தை நிறுவனம்தான் செய்ய முடியும். அதற்குக் காலவரம்பும் உண்டு என்பதால் தள்ளிப்போடக் கூடாது. சில வாரங்களில் புதிய எண்ணின் 26ஏஎஸ் பட்டியலில் 96,000 ரூபாய் வந்தது. அவருடைய வருமானம் வரிவரம்புக்குள்தான் இருந்தது. எனவே கணக்குத் தாக்கல் செய்து முழுத் தொகையையும் திரும்பக் கேட்டார்.

ஒப்படைக்கும் முறை

இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, பான் திருத்த விண்ணப்பம். மேலே வைத்துக்கொள்ளும் எண்ணை எழுத வேண்டும். தவறுதலாக வழங்கப்பட்ட வேறு எண்களைக் குறிப்பிட அதே விண்ணப்பத்தில் தனி இடம் உண்டு. ஒப்படைக்கும் எண்ணை அங்கே எழுதி, அந்த அட்டையின் நகலை இணைக்க வேண்டும். இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதிவிட்டால் நல்ல எண்ணே ரத்தாகிவிடும். அனுப்புமுன் வேறொருவரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மதிப்பீட்டு அதிகாரிக்குக் கடிதம். காஞ்சிபுரத்துக்குப் பேருந்து ஏறுவதற்கு முன், இணையதளத்தில் Know Your AO என்ற இடத்தில் இரண்டு எண்களையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். இவருடைய பழைய எண் சென்னை முகவரியில் இருந்ததால் அங்குள்ள அதிகாரியிடமே இருந்தது. ஒரு கடிதத்தை அவருக்கு எழுதி, நகலைப் புதிய எண்ணின் அதிகாரிக்கும் அனுப்பினோம். கடிதம் இப்படி இருந்தது:

*பொருள்: தவறுதலாகப் பெற்ற இரண்டு பான் எண்களில் ஒன்றை ஒப்படைத்தல், பதிவுகளை இணைத்தல்.*

*ஐயா, எனக்கு 2011-இல் (பழைய எண்) என்ற பான் வழங்கப்பட்டது. அட்டை தொலைந்தபின் 2016-இல் மறுஅட்டைக்குப் பதிலாகத் தவறுதலாகப் புதிய விண்ணப்பம் செய்யப்பட்டு (புதிய எண்) வழங்கப்பட்டது. வரி ஏய்க்கும் நோக்கம் இல்லை. ஆதாருடன் இணைந்துள்ள புதிய எண்ணையே இனிப் பயன்படுத்துவேன். பழைய எண்ணில் இரண்டு ஆண்டுகளுக்குக் கணக்குத் தாக்கல் செய்துள்ளேன். அப்பதிவுகளைப் புதிய எண்ணுடன் இணைத்து, பழைய எண்ணை ரத்து செய்து, எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். பழைய எண்ணில் எனக்குத் தெரிந்து நிலுவை எதுவும் இல்லை.*

பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, கைபேசி எண் ஆகியவற்றைக் கீழே எழுதி, இரண்டு அட்டைகளின் நகல், ஆதார் நகல், திருத்த விண்ணப்பத்தின் ஒப்புகைச் சீட்டு ஆகியவற்றை இணைக்க வேண்டும். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அஞ்சலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தது என்று எப்படித் தெரியும்?

புதிய அட்டை வீட்டுக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய எண்ணை ரத்து செய்வது அதிகாரி தரப்பில் தனியாக நடக்கும் வேலை. Verify PAN Status என்ற இடத்தில் பழைய எண்ணைப் போட்டுப் பாருங்கள். இன்னும் நடப்பில் இருப்பதாகக் காட்டினால், முத்திரையிட்ட பிரதியின் நகலோடு நினைவூட்டுக் கடிதம் எழுதுங்கள். வங்கி, வருங்கால வைப்பு நிதி, காப்பீடு ஆகியவற்றில் பழைய எண் இருந்தால் அவை தானாக மாறாது. ஒவ்வோர் இடத்திலும் நாமே மாற்ற வேண்டும்.

அந்தச் சகோதரரின் 96,000 ரூபாய் அவர் கணக்குக்கு வந்து சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். உங்கள் வீட்டிலும் இரண்டு அட்டைகள் இருந்தால், இரண்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு ஜும்ஆ தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். கடிதம் எழுத உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ்.