நிலைக்கும் கதவுக்கும் எத்தனை கன அடி?

வீடு கட்டுபவர் கையில் ஒருநாள் ஒரு துண்டுச் சீட்டு வரும். ‘மெயின் நிலை 5க்கு 3, ஜன்னல் நிலை 4க்கு 3, கதவுச் சட்டம் ஒன்றரை’ என்று ஆசாரி எழுதியிருப்பார். கீழே மொத்தமாக ஒரு கன அடிக் கணக்கு இருக்கும். சிமெண்ட் மூட்டையை எண்ணிப் பார்க்கலாம், செங்கலையும் எண்ணலாம். மரத்தை மட்டும் பெரும்பாலோர் அப்படியே நம்பிப் பணம் கட்டுகிறார்கள். அந்தக் கணக்கைப் பென்சிலும் தாளும் இருந்தால் யாரும் போட்டுவிடலாம்.

‘5க்கு 3’ என்றால் சட்டத்தின் அகலம் 5 அங்குலம், கனம் 3 அங்குலம். இந்த இரண்டையும் பெருக்கி, அடிக்கணக்கில் உள்ள நீளத்தாலும் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். அகலமும் கனமும் அங்குலத்தில் இருப்பதால் அடியாக மாற்ற இரண்டு முறை 12ஆல் வகுக்க வேண்டும், அதுதான் 144. நீளம் முழுவதும் ஒரே அளவுச் சட்டம் என்றால், எல்லா நீளத்தையும் முதலில் கூட்டிக்கொண்டு ஒரே முறை பெருக்கினால் போதும்.

மூன்றரை அடி அகலம், 7 அடி உயரம் உள்ள ஒரு தலைவாசல் நிலையை எடுத்துக்கொள்வோம். நிலைக்கால் இரண்டுக்கும் 14 அடி. மேல்சட்டத்துக்கும் கீழே வாசற்படிக்கும் மூன்றரை மூன்றரை என்று போடத் தோன்றும். ஆனால் இந்த இரண்டும் நிலைக்காலைத் தாண்டி இருபுறமும் சுவருக்குள் கொஞ்சம் நீண்டு நின்றால்தான் நிலை இறுகப் பிடிக்கும். பக்கத்துக்கு 3 அங்குலம் விட்டால் ஒவ்வொன்றும் 4 அடி ஆகிறது. மொத்தம் 22 அடி. 5 × 3 × 22 ÷ 144 போட்டால் சுமார் 2.29 கன அடி.

கணக்கு இங்கே முடிந்துவிட்டதாக நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. 2.29 என்பது சுவரில் நிற்கப்போகும் நிலையின் அளவு. மரவாடியில் வாங்கும் சட்டம் ரம்பத்தில் அறுத்த சொரசொரப்பான சட்டம். அதை நான்கு பக்கமும் இழைக்க வேண்டும். பக்கத்துக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் போகும் என்று வைத்தாலும், 5க்கு 3 வாங்கி இழைத்தால் கையில் நிற்பது நாலே முக்காலுக்கு இரண்டே முக்கால். இழைத்த பிறகு முழு 5க்கு 3 வேண்டுமென்றால், வாங்கும் சட்டம் ஐந்தே காலுக்கு மூன்றே காலாக இருக்க வேண்டும். அப்போது அதே 22 அடிக்கு 2.61 கன அடி ஆகிறது. வெறும் கால் அங்குலம்தான் கூடியது. மரமோ ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு ஏறிவிட்டது. ஆசாரி சொல்லும் அளவு இழைப்புக்கு முன்னா, பின்னா என்று முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொண்டால் பாதித் தகராறு வராது.

அடுத்தது நீளம். கன அடியில் சரியாக இருக்கும் கணக்கு, சட்டத்தின் நீளத்தில் தோற்றுப்போகும். மேலே சொன்ன நிலைக்கு 7 அடியில் இரண்டும் 8 அடியில் ஒன்றும், அறுப்புக்குக் கொஞ்சம் தாராளமாகக் கிடைத்தால் கச்சிதம். கடையில் 10 அடிச் சட்டம் மட்டுமே இருந்தால் மூன்று சட்டம் வாங்கியாக வேண்டும். இரண்டில் நிலைக்கால் எடுத்தபின் மூன்று மூன்று அடி மிச்சம். அதில் 4 அடி மேல்சட்டம் வராது. மூன்றாவதில் 4 அடித் துண்டு இரண்டு போக 2 அடி மிச்சம். ஆக 30 அடி வாங்கி 8 அடி கையில் நிற்கிறது. காசு கொடுத்தது மூன்றரை கன அடிக்கு. அந்த 3 அடித் துண்டை அறுத்துச் சிறிய வென்டிலேட்டர் நிலைக்குப் பயன்படுத்தலாம். அதனால் ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியாக மரம் எடுக்காமல், வீட்டின் எல்லாத் துண்டுகளையும் ஒரே பட்டியலில் எழுதிப் பார்த்து எடுப்பதே சிக்கனம்.

இனி கதவு. நிலையின் உள்வெளி 36 அங்குலம். கதவு வந்து உட்கார நிலையின் விளிம்பில் அரை அங்குலப் பள்ளம் செதுக்குவார்கள். இருபுறமும் சேர்த்தால் கதவின் அகலம் 37 அங்குலம். உயரத்தில் மேலும் கீழும் அதே கணக்கு, 79 அங்குலம். பக்கத்துக்கு ஒன்றாக 4 அங்குல நெடுஞ்சட்டம் இரண்டு. மேலே 4, நடுவே பூட்டு வரும் இடத்தில் 6, அடியில் 8 அங்குலம் என்று குறுக்குச் சட்டம் மூன்று. எல்லாம் ஒன்றரை அங்குலக் கனம். இடையில் முக்கால் அங்குலப் பலகை இரண்டு.

குறுக்குச் சட்டத்தின் நீளம் எவ்வளவு? கண்ணுக்குத் தெரிவது இரு நெடுஞ்சட்டங்களுக்கு நடுவே உள்ள 29 அங்குலம்தான். ஆனால் அதன் இரு முனையும் நெடுஞ்சட்டத் துளைக்குள் புகுந்து மறுபக்கம் வரை போகிறது. ஆகவே கதவின் முழு அகலமான 37 அங்குலத்தையே எடுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் கன அடியில் வரும் வித்தியாசம் மிகச் சிறியது; ஆனால் 29 அங்குலத்துக்கு அறுத்த சட்டம் அந்தக் கதவுக்கு உதவாது. பலகைக்கும் இப்படித்தான். அது சட்டத்தின் காடிக்குள் நாற்புறமும் அரை அங்குலம் உட்கார வேண்டும். எனவே 30 அங்குல அகலம், முப்பத்தொன்றரை உயரம். அவ்வளவு அகலத்தில் ஒரே பலகை சாதாரணமாகக் கிடைக்காது, மூன்று நான்கு பலகையைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும். ஒட்டும் விளிம்பை இழைப்பதிலும் கொஞ்சம் போகும்.

எல்லாவற்றையும் கூட்டினால் முடிந்த கதவில் இருக்கும் மரம் 1.95 கன அடி. இழைப்புக்கும் முனை வெட்டுக்கும் இடம் விட்டு, பலகையை ஓர் அங்குலத்தில் வாங்கினால் தேவைப்படுவது சுமார் 2.6. முடிந்த அளவைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். கதவின் பரப்பை ஒன்றரை அங்குலக் கனத்தால் பெருக்கி ‘இரண்டரை கன அடி’ என்று சிலர் வாயாலேயே சொல்லிவிடுவதுண்டு. இந்தக் கதவில் அது கிட்டத்தட்ட ஒத்துவருகிறது. பலகைக்குப் பதில் கண்ணாடி வந்தாலோ, பலகையின் கனம் கூடினாலோ அந்தக் குறுக்குவழி கைவிட்டுவிடும்.

ஜன்னல் சிறியது, மரம் குறைவாகத்தான் ஆகும் என்பது பரவலான எண்ணம். 5 அடி அகலம், 4 அடி உயரத்தில் மூன்று கதவு ஜன்னல் ஒன்றைக் கணக்கிட்டால் உண்மை தெரியும். ஓரத்தில் இரண்டு கால், நடுவில் இரண்டு கால். நான்குக்கும் 16 அடி. மேலும் கீழும் சுவருக்குள் போகும் முனையோடு ஐந்தரை ஐந்தரை, 11 அடி. மொத்தம் 27 அடி. இழைத்து 4க்கு 3 நிற்க வேண்டுமென்றால் வாங்குவது நாலே காலுக்கு மூன்றே கால், அது 2.59 கன அடி. தலைவாசல் நிலைக்கு வந்ததும் ஏறக்குறைய இதுவே! பட்டியல் எழுதும்போது நடுக்கால் இரண்டையும் மறந்துவிட்டால் 8 அடி மரம் குறைந்துவிடும். வேலை பாதியில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். கண்ணாடி போடும் மூன்று சிறு கதவுகளுக்கும் மெல்லிய சட்டம்தான். ஏறக்குறைய ஒரு கன அடியில் முடிந்துவிடும்.

அரசு வேலைகளில் நிலைக்கு கன மீட்டரிலும் கதவுக்குச் சதுர மீட்டரிலும் அளந்து பணம் தருவார்கள். ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி.

மரவாடியில் சட்டத்தை ஒரு முனையில் மட்டும் அளந்து பார்ப்பது போதாது. இரு முனையிலும் நடுவிலும் டேப்பை வைக்க வேண்டும். 3 அங்குலம் என்று விற்கும் சட்டம் ஓரிடத்தில் இரண்டே முக்காலாக இருந்தால் இழைப்புக்கு இடமே இருக்காது. வெள்ளை மரம் ஓடும் விளிம்பை அளவில் சேர்க்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். வைரம் பாய்ந்த பகுதிபோல அது பூச்சியைத் தாங்காது.

முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு துண்டின் அகலம், கனம், நீளம், எண்ணிக்கை நான்கையும் எழுதிய பட்டியலை ஆசாரியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தக் கன அடி மட்டும் எழுதிய சீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.