சீசன் முடிந்த சரக்கு: விலைக் குறைப்புக்குக் காரணம் எழுதுவது எப்படி?

ஊரில் ஆடி பிறந்தால் ஜவுளிக்கடைகளில் தள்ளுபடி தொடங்கிவிடும். ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை, கடையில் கூட்டமில்லை. தீபாவளிக்குப் புதுச் சரக்கு வருவதற்குள் பழையதைத் தள்ளியாக வேண்டும். இந்தக் காரணம் கடைக்காரருக்கும் தெரியும், புடவை எடுக்க வரும் அம்மாளுக்கும் தெரியும். அதனால் அங்கே "ஆடித் தள்ளுபடி" என்ற இரண்டு சொற்களே போதும்.

மும்பையில் வியாபாரம் செய்யும் நம்மவர்களுக்கு இந்த வசதி இல்லை. இங்கே சீசன் சரக்குக்குச் சரக்கு மாறும். குடையும் ரெயின்கோட்டும் விற்பவருக்கு செப்டம்பரில் சீசன் முடிகிறது. தோல் பொருள் விற்பவருக்கு மே மாதத்துக்குள் கையிருப்பு குறைய வேண்டும். ஜூனில் மழை இறங்கினால் காற்றின் ஈரத்தில் தோல் பூஞ்சை பிடிக்கும். வாங்குபவருக்கு இதெல்லாம் தெரியாது. பாதி விலை என்று பார்த்ததும், "ஏதோ கோளாறு இருக்கிறது" என்றுதான் முதலில் நினைப்பார். நாம் காரணம் சொல்லாவிட்டால் அவரே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வார். அது பெரும்பாலும் உண்மையைவிட மோசமாக இருக்கும்.

நான் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன். கழித்த சாமான்களை அங்கே ஏலத்துக்கு லாட் லாட்டாகப் பிரித்து வைப்பார்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் என்ன பொருள், எத்தனை, என்ன நிலையில், எங்கே கிடக்கிறது என்று எழுதியிருக்கும். ஏலத்துக்கு முன் வந்து பார்க்கவும் அனுமதி உண்டு. பலதும் கலந்து கிடக்கும் குவியலுக்கு யாரும் நல்ல விலை கேட்க மாட்டார்கள், ஏனென்றால் உள்ளே இருப்பதில் மிக மோசமானதை மனத்தில் வைத்துத்தான் விலை சொல்வார்கள். பிரித்துத் தெளிவாக எழுதிய லாட்டுக்குச் சரியான விலை வரும். கடைச் சரக்குக்கும் கணக்கு இதுதான்.

தாராவியில் எனக்குத் தெரிந்த திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று தோல் பை தைத்து விற்கிறது. ஒரு மே மாதம் அவர்களிடம் 90 பைகள் தங்கிவிட்டன. சிறிய பட்டறை, பரண் நிறையச் சரக்கு, புதுத் தோல் எடுக்கப் பணமில்லை. மகன் ஒரு வாசகம் எழுதி வந்து காட்டினான்: "மாபெரும் தள்ளுபடி! 60 விழுக்காடு வரை! முந்துங்கள்!" அதைக் கடை வாசலில் மாட்டவும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும் உத்தேசம்.

"தம்பி, எதுக்கு இவ்வளவு குறைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"சார், தேங்கிப் போச்சு. அதான்."

"ஏன் தேங்கிச்சு? 90 பைக்கும் ஒரே காரணமா?"

அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் எழுந்து பரணிலிருந்த பைகளை இறக்கினார். மூவரும் உட்கார்ந்து பிரித்ததில் நான்கு குவியல் ஆயிற்று. முதல் குவியலில் 46 ஆபீஸ் பைகள். ஒரு கம்பெனி தீபாவளிப் பரிசுக்காகக் கேட்டு, பிறகு எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டதால் மீந்தவை. எல்லாம் மெரூன் நிறம். குறை எதுவும் இல்லை. இரண்டாவதில் 26 தோள் பைகள். தைத்து ஒன்றரை வருஷமாகிறது, உள்ளே ரெக்ஸின் லைனிங். மூன்றாவதில், கடை வாசலில் மாட்டியிருந்து வெயிலில் ஒரு பக்கம் நிறம் மங்கிய 12 ஆபீஸ் பைகள். நான்காவதில் ஜிப் சரியாக ஓடாத 6 பைகள்.

இந்த நான்கையும் ஒரே தள்ளுபடிப் பலகையின் கீழ் வைத்தால், குறையில்லாத 46 பைகளும் ஜிப் கெட்ட 6 பைகளின் சந்தேகத்தைச் சுமக்கும். ஆகவே ஜிப் கெட்டவற்றை முதலில் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டோம். ரன்னரை மாற்றிச் சரி செய்த பிறகுதான் அவை விற்பனைக்கு வரவேண்டும். மற்ற மூன்று குவியலுக்கும் தனித்தனிக் காரணம், தனித்தனி விலை.

அடுத்தது, எந்த விலையிலிருந்து குறைக்கிறோம் என்பது. ஆபீஸ் பையின் சீட்டில் 2,400 ரூபாய் என்று இருந்தது. ஆனால் வாடிக்கையாளர் பேரம் பேசி எடுத்துப்போனது எப்போதும் 1,600 ரூபாய்க்குத்தான். இப்போது கேட்பது 1,100. சீட்டு விலையிலிருந்து பார்த்தால் 54 விழுக்காடு தள்ளுபடி. உண்மையாக விற்ற விலையிலிருந்து பார்த்தால் 31 விழுக்காடு. எழுத வேண்டியது இரண்டாவது கணக்கு. யாரும் கொடுக்காத ஒரு விலையிலிருந்து கழித்துக் காட்டுவது தள்ளுபடி ஆகாது. இந்தக் கணக்கை வாங்குபவரும் போடுவார். பக்கத்துக் கடையில் அதே மாதிரிப் பை 1,500-க்குத் தொங்கினால் 2,400 என்ற எண்ணை அவர் நம்பப் போவதில்லை. பிறகு நாம் சொல்லும் காரணத்தையும் நம்ப மாட்டார். அதைவிட "வழக்கமாக 1,600-க்கு விற்றது" என்று எழுதினால், போன தீபாவளிக்கு வாங்கியவரே அதற்குச் சாட்சி.

மூன்றாவதாக, காரணம் உண்மையாக இருந்தாலும் பாதி உண்மையாக இருக்கக் கூடாது. அந்த 26 தோள் பைகளுக்கு "பழைய டிசைன்" என்று எழுதலாம் என்றான் மகன். டிசைன் பழையது என்பது பொய்யில்லை. ஆனால் வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது டிசைனின் வயது அல்ல, லைனிங்கின் வயது. மலிவான ரெக்ஸினிலும் செயற்கைத் தோலிலும் மேலே பூசியிருக்கும் பூச்சு, பையை ஒரு நாள்கூட உபயோகிக்காவிட்டாலும் கெடக்கூடும். பாலியூரிதேன் பூச்சாக இருந்தால் காற்றின் ஈரமே அதை மெல்லச் சிதைக்கும். கடையில் பளபளவென்று இருக்கும். வாங்கிய சில மாதங்களில் பிசுபிசுத்துச் செதில் செதிலாக உதிரும். பையின் உள்ளே விரலை அழுத்தித் தேய்த்தால் ஒட்டுகிறதா, மடிப்பில் நுண்ணிய வெடிப்பு தெரிகிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்கலாம். நாங்கள் 26 பையிலும் தேய்த்துப் பார்த்தோம். 4 பைகளில் விரல் ஒட்டியது. அவற்றை லைனிங் மாற்ற ஒதுக்கினோம். மீதி 22 பைகளுக்குத் தைத்த மாதமும் வருஷமும் எழுதினோம்.

தோலுக்கும் இதுபோல் ஒரு சோதனை உண்டு. ஒரு மழைக்காலத்தைக் கடந்த பையின் மேல் சில சமயம் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். அது பூஞ்சையாகவும் இருக்கலாம், தோலுக்குப் போட்ட கொழுப்பு வெளியே வந்து படிந்ததாகவும் இருக்கலாம். முடி உலர்த்தும் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் கொழுப்பு உருகி மறைந்துவிடும்; பூஞ்சை மறையாது, வாடையும் காட்டிக்கொடுக்கும். கொழுப்பு என்றால் துடைத்தால் போதும். பூஞ்சை பிடித்துத் துடைத்த பை என்றால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும், ஏனென்றால் அடுத்த மழையில் அதே இடத்தில் மறுபடி வர வாய்ப்பு உண்டு.

கடைசியாக அவர்கள் எழுதியது இப்படி அமைந்தது:

"தோல் ஆபீஸ் பை, மெரூன் நிறம் மட்டும், 46. தீபாவளி ஆர்டரில் மீந்தவை. மழைக்குமுன் பரணைக் காலி செய்வதால் விலை குறைப்பு. குறை இல்லை. வழக்கமாக விற்றது ரூ. 1,600, இப்போது ரூ. 1,100.

அதே பை, 12. வாசலில் மாட்டியிருந்ததால் ஒரு பக்கம் நிறம் மங்கியுள்ளது; நேரில் பார்த்து எடுக்கவும். தையலும் ஜிப்பும் சரியாக உள்ளன. ரூ. 800.

தோள் பை, 22. தைத்து ஒன்றரை வருஷம். மாதமும் வருஷமும் சீட்டில் உள்ளன. வெளியே தோல், உள்ளே ரெக்ஸின். லைனிங் புதுப் பையின் அளவு உழைக்காது. வழக்கமாக விற்றது ரூ. 900, இப்போது ரூ. 450.

மே 31 வரை, அல்லது சரக்கு தீரும் வரை. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறையில் மூடி வைக்காதீர்கள்; உள்ளே செய்தித்தாள் திணித்துக் காற்றாட வையுங்கள்."

இதில் "மாபெரும்", "முந்துங்கள்" எதுவும் இல்லை. எத்தனை இருக்கிறது என்ற எண்ணும் எந்தத் தேதி வரை என்பதும் இருக்கின்றன. அவசரத்தை அவையே சொல்லிவிடும். "லைனிங் புதுப் பையின் அளவு உழைக்காது" என்ற வரியை எடுத்துவிடலாமா என்று மகன் மறுபடியும் கேட்டான். அப்பாதான் மறுத்தார்: "நாளைக்கு அந்தம்மா பையைத் தூக்கிக்கிட்டு வந்து நிற்கும்போது என்னலே சொல்லுவே?"

சட்டமும் இதையொட்டியே நிற்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சலுகை விலை என்று விளம்பரம் செய்துவிட்டு அந்த விலைக்கு நியாயமான காலமும் நியாயமான அளவும் விற்க எண்ணமில்லாமல் இருப்பது முறையற்ற வாணிகம். ஆள் இழுக்க இரண்டு பையை மட்டும் மலிவாக வைப்பது இதில் வரும். "தள்ளுபடிச் சரக்கு திரும்பப் பெற மாட்டாது" என்று பலகை மாட்டினால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. குறையுள்ள பொருளைத் திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வாணிகம்தான். பில்லில் கெடு எதுவும் எழுதாவிட்டால் அது 30 நாள். நிறம் பிடிக்கவில்லை என்று திருப்ப வருபவரிடம் மறுக்கலாம்; ஜிப் பிய்ந்து வருபவரிடம் பலகையைக் காட்ட முடியாது. அதே சமயம், 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்குபவர் பொருளைப் பார்த்து எடுத்திருந்தால், அந்தப் பார்வையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்காக அவர் அதன் தரத்தைப் பற்றிப் பிறகு முறையிட முடியாது. மங்கிய நிறத்தை எழுதி, நேரில் பார்க்கவும் சொன்னது வாங்குபவருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் பாதுகாப்பு. இந்த வாசகத்தையே பில்லிலும் ஒரு வரியாக எழுதிக் கொடுப்பது நல்லது.

எழுதிய காரணத்துக்கு ஆயுளும் உண்டு. "மழைக்குமுன்" என்று எழுதிய பலகை ஆகஸ்டிலும் தொங்கினால் அது பொய்யாகிவிடும். ஜூன் முதல் தேதி அந்தப் பலகை கழற்றப்பட்டது. அப்போது 11 தோள் பைகளும் 7 மெரூன் பைகளும் மீதி இருந்தன. மங்கிய பைகளில் ஒன்றுகூட இல்லை. 800 ரூபாய்க்கு நல்ல தையல் கிடைத்தால் நிறத்தைப் பற்றிக் கவலைப்படாத கல்லூரிப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே எடுத்துப் போய்விட்டார்கள். மீந்த 18 பைகளுக்கும் புதிதாக ஒரு காரணம் யோசிக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொன்னேன். செய்தித்தாள் திணித்துக் காற்றோட்டமாக வைத்து, மழை முடிந்ததும் ஒவ்வொன்றையும் மறுபடி விரலால் தேய்த்துப் பார்த்து, அன்றைக்கு அவை எந்த நிலையில் இருக்கின்றனவோ அதையே எழுதினால் போதும்.